மூன்று நாள் தஞ்சைப் பயணம்: 9-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

19.01.2026

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கலுக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் சொன்ன கல்விச் சுற்றுலா உறுதியாகிவிட்டது. பிப்ரவரி 6 வெள்ளிக்கிழமை அதிகாலை 5 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து கிளம்புகிறோம், 8-ஆம் தேதி ஞாயிறு இருட்டுவதற்குள் திண்டுக்கல் திரும்பிவிடுவோம். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வந்துவிட்டது. இரவுப் பயணம் கிடையாது, ஓட்டுநர்கள் இரண்டு பேர்.

வெள்ளி காலை கல்லணை, மதியத்துக்கு மேல் தஞ்சை அரண்மனையும் சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகமும், சாயங்காலம் பெரிய கோயில். சனிக்கிழமை விடிந்ததும் கங்கைகொண்ட சோழபுரம், அங்கிருந்து தாராசுரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதைப் பாடப்புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தி, நேரில் பார்த்தால் மறக்காது. உருக்கும் அடுப்புப் பக்கம் பிள்ளைகளை விட மாட்டோம், கயிறு கட்டி அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்பார்கள். ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் மறுபடி பெரிய கோயில், இந்த முறை கல்வெட்டுகளுக்காக மட்டும். ராஜராஜன் கோயிலில் நடனமாடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும், அந்தச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறான். ஒவ்வொரு பிள்ளையும் அதிலிருந்து ஓர் எழுத்தையாவது தானே கண்டுபிடித்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கோயில் என்பதால் தயங்கும் வீடுகள் இருக்கலாம். நாங்கள் போவது கட்டடத்தையும் சிற்பத்தையும் கல்வெட்டையும் பார்க்க. கும்பிடச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டோம். மாதவிடாய் நாள் வந்துவிடுமே என்று எந்தப் பெண் பிள்ளையையும் நிறுத்திவிடாதீர்கள். உள்ளே வர விருப்பமில்லாத பிள்ளைகளோடு தமிழ் டீச்சர் வெளியே புல்தரையில் இருப்பார், நாப்கினும் அவர் கையில் இருக்கும்.

தங்குமிடம் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டீர்கள். தஞ்சை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இரண்டு தளங்களை முழுசாக எடுத்திருக்கிறோம், அந்தத் தளங்களில் வெளியாட்கள் யாரும் தங்க மாட்டார்கள். இரண்டாவது மாடி 24 பெண் பிள்ளைகளுக்கு, முதல் மாடி 18 பையன்களுக்கு, ஓர் அறைக்கு நான்கைந்து பேர். போன ஞாயிறு நானும் அறிவியல் டீச்சரும் நேரில் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு குளியலறைக் கதவையும் உள்ளே போய்த் தாழிட்டுப் பார்த்ததில் 207-ஆம் அறையில் தாழ்ப்பாள் ஆடியது, ஆணி ஒன்று கழன்றிருந்தது. அங்கேயே நின்று மாற்ற வைத்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தோம். இரவில் பெண்கள் தளத்தின் படிக்கட்டு ஓரத்து அறையில் இரண்டு டீச்சர்களும் ஆயாம்மாவும், பையன்கள் தளத்தில் நானும் பி.டி. சாரும் கணக்கு சாரும். 9.30-க்கு விளக்கணைப்பு. அதற்கப்புறம் யாரும் தளம் மாறக் கூடாது, பிள்ளைகளைத் தனியாக யாரும் வெளியே கூட்டிப் போகவும் கூடாது, ஆசிரியர் உட்பட.

அடுத்தது மேற்பார்வை. பல வருடங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்திய பஸ் ஒரு பையனை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டோம், "வந்தாச்சு சார்" என்று எல்லாரும் கத்தினார்கள், அவ்வளவுதான் சரிபார்த்தது. இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை கடை பெஞ்சில் இரண்டு கையாலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருந்தான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்தப் பயணத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 42 வரை ஓர் எண், கூடவே ஒரு ஜோடி. பஸ்ஸில் ஏறியதும் தன் எண்ணைத் தானே சொல்ல வேண்டும், பி.டி. சார் தலையைத் தொட்டு எண்ணுவார், ஆயாம்மா பின்னாலிருந்து இன்னொரு முறை எண்ணுவார், இரண்டு கணக்கும் 42 ஆனால்தான் வண்டி நகரும். எட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. கல்லணையில் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், கால் நனைக்கக்கூட அனுமதி இல்லை. காவிரியும் கொள்ளிடமும் பார்க்க அமைதியாகத் தெரியும், மணல் எடுத்த குழிகள் அடியில் இருப்பது மேலே தெரியாது. வீட்டில் நீங்களும் இதை ஒருமுறை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

சாப்பாடு: வெள்ளி காலைக்கு மட்டும் வீட்டிலிருந்து இட்லியோ புளிசாதமோ கட்டிக் கொடுங்கள், மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு. மூன்று நாளும் சைவம்தான். காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு, இரவில் தோசை அல்லது இடியாப்பம். தண்ணீர் கேனில் வாங்கிக்கொள்வோம், வழியில் குழாய்த் தண்ணீரும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம். வேர்க்கடலை, பால் என்று எது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் படிவத்தில் எழுதுங்கள், சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். வீசிங் இருக்கும் பிள்ளையின் இன்ஹேலரைப் பைக்குள் போடாமல் என் கையில் கொடுங்கள். மற்ற மாத்திரைகளையும் பெயரும் நேரமும் எழுதிய கவரில் போட்டு என்னிடமே கொடுங்கள். பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன் இருக்கை.

இந்தக் கடிதத்தோடு பின் செய்திருக்கும் மஞ்சள் அட்டையில் என் எண், அறிவியல் டீச்சர் எண், லாட்ஜ் வரவேற்பறை எண், பள்ளியில் மூன்று நாளும் போன் பக்கத்திலேயே இருக்கப்போகும் தலைமையாசிரியர் எண் ஆகியவை இருக்கின்றன. அதை ஃபிரிட்ஜ் மேலோ சாமி அலமாரியிலோ ஒட்டி வையுங்கள். எந்த நேரமும் கூப்பிடலாம், இரவு 2 மணியானாலும் எடுப்பேன். உடம்புக்கு ஏதாவது என்றால் முதலுதவி, தேவைப்பட்டால் 108, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதே நிமிடம் உங்களுக்குப் போன். ஒருவேளை உங்களைப் பிடிக்க முடியவில்லை என்றால் சிகிச்சை தாமதமாகக் கூடாது, அதனால்தான் படிவத்தில் சிகிச்சைக்கான சம்மதக் கையெழுத்தும், சித்தப்பா, மாமா என்று இன்னொருவர் எண்ணும் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் கையில் செல்போன் வேண்டாம். தினமும் இரவு 8-லிருந்து 9 வரை எங்கள் போனிலிருந்து பேச வைப்போம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தங்குமிடம் சேர்ந்ததும் செய்தி போடுவேன்.

கட்டணம் 1,850 ரூபாய். இந்த மாதம் கையில் இல்லை என்றால் அதற்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டாம், மாலை 4.30-க்கு மேல் வந்து என்னிடம் மட்டும் சொல்லுங்கள், வகுப்பில் யாருக்கும் தெரியாமல் ஏற்பாடு செய்வோம். கைச்செலவுக்கு 200 ரூபாய்க்கு மேல் வேண்டாம், நகையும் வேண்டாம். கோயில் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், வெயிலில் சுடும், அதற்கு ஒரு ஜோடி பழைய காலுறை, ஒரு தொப்பி, பள்ளி அடையாள அட்டை.

படிவத்தை நிரப்பி ஜனவரி 30-க்குள் பிள்ளையிடம் கொடுத்து விடுங்கள். அன்று மாலை 4.30-க்கு 9-ஆம் வகுப்பு அறையில் இருப்பேன், கேட்க வேண்டியது இருந்தால் வாருங்கள்.

அன்புடன்,
வகுப்பாசிரியர் மற்றும் சுற்றுலாப் பொறுப்பாளர்
9-ஆம் வகுப்பு