அறவியல் கோட்பாடுகள்: தொடக்கநிலை வகுப்புத் தேர்வும் விடைக்குறிப்பும்

இளங்கலை முதலாம் ஆண்டில் அறவியலை விருப்பப் பாடமாக எடுத்துள்ள மாணவர்களுக்கு, முதல் ஐந்து வாரப் பாடங்களின் முடிவில் வைக்கப்படும் தேர்வு இது. நேரம் 45 நிமிடம். மொத்தம் 25 மதிப்பெண். எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். இப்பாடத்தில் முடிவைவிட அந்த முடிவுக்கு வந்த வழியே மதிப்பிடப்படுகிறது என்பதால், காரணம் கேட்கப்படும் இடத்தில் ‘சரி’, ‘தவறு’ என்று மட்டும் எழுதுவோருக்கு மதிப்பெண் கிடையாது.

பகுதி அ: சரியான விடையைத் தேர்ந்தெடுக்க (5 × 1 = 5)

1. ஒரு செயல் சரியா தவறா என்பதை, அதனால் பாதிக்கப்படுவோர் அனைவருக்கும் விளையும் இன்பதுன்பங்களைக் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கையை 1789இல் வெளியான தம் நூலில் விரித்துரைத்தவர் யார்?
(அ) இம்மானுவேல் கான்ட் (ஆ) ஜெரமி பெந்தம் (இ) அரிஸ்டாட்டில் (ஈ) தாமஸ் ஹாப்ஸ்

2. கான்ட் கூறும் நிபந்தனையற்ற ஆணையின் வடிவில் அமைந்த கூற்று எது?
(அ) வாடிக்கையாளர்களை இழக்க விரும்பாவிட்டால் எடையில் ஏமாற்றாதே.
(ஆ) நல்ல பெயர் வேண்டுமானால் எடையில் ஏமாற்றாதே.
(இ) எடையில் ஏமாற்றாதே.
(ஈ) பிடிபடும் வாய்ப்பு இருந்தால் எடையில் ஏமாற்றாதே.

3. நற்பண்பு மிகைக்கும் குறைவுக்கும் இடைப்பட்டது என்கிறார் அரிஸ்டாட்டில். கோபத்தைப் பொறுத்தவரை இதன் பொருள் என்ன?
(அ) கோபத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும்.
(ஆ) எந்த நிலையிலும் மிதமாகவே கோபப்பட வேண்டும்.
(இ) உரிய ஆளிடம், உரிய காரணத்துக்காக, உரிய நேரத்தில், உரிய அளவில் கோபப்பட வேண்டும்.
(ஈ) பெரும்பான்மையினர் கோபப்படும் அளவுக்குக் கோபப்பட வேண்டும்.

4. ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த ‘அறியாமைத் திரை’க்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாதது எது?
(அ) பொருளியலின் பொது விதிகள் (ஆ) மனித இயல்பைப் பற்றிய பொது உண்மைகள் (இ) சமூகத்தில் தாம் வகிக்கப்போகும் இடமும் தம் பிறவித் திறன்களும் (ஈ) நீதிக்கான விதிகள் தேவை என்பது

5. “தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, அது புனிதமானது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா?” என்று பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரடீஸ் எழுப்பும் கேள்வி எந்தக் கொள்கைக்கு நேரடியாகச் சிக்கலாகிறது?
(அ) பயன்வாதம் (ஆ) தெய்வ ஆணைக் கொள்கை (இ) பண்பு அறவியல் (ஈ) சமூக ஒப்பந்தக் கொள்கை

பகுதி ஆ: சரியா தவறா என்று கூறி, காரணத்தை ஓரிரு வாக்கியங்களில் எழுதுக (3 × 2 = 6)

6. பயன்வாதத்தைப் பின்பற்றுபவர் தமக்கு எது அதிக இன்பம் தருமோ அதையே செய்ய வேண்டும்.

7. வெவ்வேறு சமூகங்கள் வெவ்வேறு அறநெறிகளைக் கொண்டுள்ளன என்ற உண்மையே, எல்லாருக்கும் பொதுவான அறம் எதுவும் இல்லை என்பதை நிறுவிவிடுகிறது.

8. கான்ட்டின் கொள்கைப்படி, நம் நோக்கத்துக்காகப் பிறரது உழைப்பை ஒருபோதும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

பகுதி இ: விரிவான விடை தருக (4 + 4 + 6 = 14)

9. கட்டுப்பாடின்றி ஓடும் டிராம் வண்டி ஒன்று தண்டவாளத்தில் நிற்கும் ஐந்து தொழிலாளர்களை நோக்கி வருகிறது. முதல் நிலையில், நெம்புகோலைத் திருப்பினால் வண்டி வேறு பாதைக்கு மாறி அங்கு நிற்கும் ஒருவரைக் கொல்லும். இரண்டாம் நிலையில், மேம்பாலத்தில் நிற்கும் பருத்த உடல் கொண்ட ஒருவரைக் கீழே தள்ளினால் அவர் உடலில் மோதி வண்டி நிற்கும், அவர் இறந்துவிடுவார். முதலாவதை ஏற்கும் பலர் இரண்டாவதை ஏற்பதில்லை. இந்த வேறுபாடு பயன்வாதத்துக்கு ஏன் இடராகிறது? கடமை அறவியல் இதை எவ்வாறு விளக்கக்கூடும்?

10. கொலைகாரன் ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஒளிந்திருக்கும் உங்கள் நண்பர் எங்கே என்று கேட்கிறான். கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில் இதற்கு என்ன விடை தருகிறார்? “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்” என்ற குறளைப் (292) பயன்வாதம் என்று சொல்லலாமா?

11. செல்வி ஒரு நியாயவிலைக் கடையில் கட்டுநராகப் பணிபுரிகிறார். அரிசி வாங்க வராத அட்டைதாரர்கள் சிலர் வாங்கிவிட்டதாக மாதக் கடைசியில் பதிவு செய்து, அந்த அரிசியை அருகிலுள்ள கட்டுமானத் தளத்தில் தங்கியிருக்கும், அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கு விற்பனையாளர் கொடுத்துவருகிறார். அதற்காக அவர் ஒரு ரூபாய்கூடப் பெறுவதில்லை. ஒருநாள் ஓர் அட்டைதாரர், வாங்காத அரிசியை வாங்கியதாகத் தம் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியைச் செல்வியிடம் காட்டி, “எனக்கு அரிசி வேண்டாம்மா, ஆனா இது என்ன கணக்கு?” என்று கேட்கிறார். செல்வி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயன்வாதம், கடமை அறவியல், பண்பு அறவியல் ஆகிய மூன்றின் வழியாகவும் ஆராய்க.

விடைக்குறிப்பு

1. (ஆ). கான்ட் தம் அடிப்படை அறவியல் நூலை வெளியிட்டது 1785இல் என்பதால் ஆண்டை மட்டும் வைத்து ஊகிப்பவர்கள் (அ) என்று எழுதக்கூடும்.

2. (இ). மற்ற மூன்றும் ‘இது வேண்டுமானால்’ என்ற நிபந்தனையோடு வருபவை. வாடிக்கையாளர் போய்விடுவார் என்பதற்காகச் சரியான விலைக்கு விற்கும் கடைக்காரரின் செயல் கடமைக்கு ஒத்துப்போகிறதே தவிர, கடமை கருதிச் செய்யப்படவில்லை என்று கான்ட் தாமே இவ்வகை உதாரணத்தைக் காட்டுகிறார்.

3. (இ). (ஆ)வைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமான தவறு. ‘இடைப்பட்டது’ என்பதை எண்களின் சராசரியைப் போல எடுத்துக்கொண்டால், கண்முன் ஒரு குழந்தை அடிபடும்போதும் அளவாகத்தான் சினக்க வேண்டும் என்றாகிவிடும். அரிஸ்டாட்டில் அப்படிச் சொல்லவில்லை. சூழலுக்கு எது பொருந்தும் என்று காணும் நடைமுறை அறிவையே அவர் வலியுறுத்துகிறார்.

4. (இ). திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் உலகம் தெரியாதவர்கள் அல்லர். தம்மைப் பற்றிய விவரங்கள் மட்டுமே அவர்களிடமிருந்து மறைக்கப்படுகின்றன.

5. (ஆ). முதல் கூற்றை ஏற்றால் அறம் தெய்வத்தின் விருப்பத்துக்கேற்ப மாறக்கூடியதாகிறது. இரண்டாவதை ஏற்றால் அறத்துக்குத் தெய்வ ஆணை அடிப்படையாக இல்லாமற் போகிறது.

6. தவறு. செய்பவரின் இன்பமும் பிறரது இன்பமும் ஒரே நிறையுடன் கணக்கில் சேர்கின்றன. தன் நலத்தையே அளவுகோலாகக் கொள்வது தன்னலவாதம்.

7. தவறு. மக்கள் எதை நம்புகிறார்கள் என்பது ஒரு செய்தி. அவர்கள் நம்புவது சரியா என்பது வேறு கேள்வி. முன்னதிலிருந்து பின்னது தானாகப் பெறப்படுவதில்லை. சார்புவாதமே பொய் என்று இதனால் ஆகிவிடாது, இந்த ஒரு வாதம் போதாது என்பதே பொருள். அந்த வேறுபாட்டைத் தொடும் விடைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

8. தவறு. பிறரை ‘வெறும் கருவியாக மட்டும்’ நடத்துவதையே கான்ட் தடுக்கிறார். ஆட்டோவில் ஏறும்போது ஓட்டுநரின் உழைப்பைப் பயன்படுத்திக்கொள்கிறோம். பேசிய கட்டணத்தைக் கொடுத்து, அவர் ஒப்புதலோடு அது நடக்கும்வரை அதில் பிழையில்லை. போய்ச் சேர்ந்ததும் காசு கொடுக்காமல் நழுவும் எண்ணத்தோடு ஏறினால், அவர் ஒருபோதும் உடன்பட முடியாத திட்டத்தில் அவரைச் சேர்த்துவிடுகிறோம்.

9. டிராம் உதாரணத்தை 1967இல் முன்வைத்தவர் பிலிப்பா ஃபுட். மேம்பால நிலையைச் சேர்த்தவர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன். இரண்டு நிலைகளிலும் ஒருவர் இறந்து ஐவர் பிழைக்கிறார்கள். எனவே விளைவை மட்டும் எண்ணுபவர் இரண்டுக்கும் ஒரே விடை சொல்லியாக வேண்டும், ஆனால் நம் உள்ளுணர்வு அப்படிச் சொல்வதில்லை (2). கடமை அறவியலாளர், மேம்பாலத்தில் நிற்பவரின் உடலே ஐவரைக் காக்கும் கருவியாக்கப்படுகிறது என்றும், மாற்றுப்பாதையில் நிற்பவர் அங்கே இல்லாதிருந்தாலும் ஐவர் காப்பாற்றப்பட்டிருப்பார்கள் என்றும் வேறுபாட்டைக் காட்டலாம் (2). நம் உள்ளுணர்வுதான் பிழை, இரண்டாவதையும் ஏற்க வேண்டும் என்று துணிந்து வாதிடும் பயன்வாத விடையும் காரணம் தெளிவாக இருந்தால் ஏற்கத்தக்கதே. “வண்டிக்கு பிரேக் இல்லையா” என்று எழுதுபவருக்கு மதிப்பெண் இல்லை. ஆண்டுதோறும் ஒருவராவது எழுதுகிறார்.

10. அந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது என்பதே கான்ட்டின் விடை. உண்மை பேசும் கடமை கேட்பவரின் தகுதியைப் பொறுத்ததன்று; பொய் சொன்னவர் அதன் எதிர்பாராத விளைவுகளுக்கும் பொறுப்பாகிறார். நண்பர் வீட்டில் இல்லை என்று நீங்கள் சொல்ல, அவரோ உங்களுக்குத் தெரியாமல் வெளியேறித் தெருவில் அவனிடமே அகப்பட்டால் என்ன சொல்வீர்கள் என்று அவர் கேட்கிறார் (2). பேசாமலிருப்பதையோ உதவிக்குக் கூவுவதையோ அவர் தடுக்கவில்லை என்று சேர்த்து எழுதுவது நல்ல விடை.

குறளைப் பொறுத்தவரை, ‘நன்மை பயக்கும் எனின்’ என்ற தொடரைப் பார்த்தவுடன் பயன்வாதம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அது அவசரம். இதற்கு முந்தைய குறள் வாய்மையையே ‘யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்று வரையறுக்கிறது. அந்த வரையறையை ஏற்றால், தீங்கில்லாத நன்மை தரும் பொய் வாய்மைக்கு விதிவிலக்காக நிற்காமல் வாய்மையின் வரம்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘புரைதீர்ந்த’ என்ற அடைமொழியும் கவனிக்கத்தக்கது: ஒருவருக்குத் தீங்கும் ஐவருக்கு நன்மையும் தரும் பொய்யைப் பெந்தமின் கணக்கு ஏற்கக்கூடும், இக்குறள் ஏற்குமா என்பது ஐயமே. அடுத்த குறள் ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று தொடங்கி, பொய் சொன்னவரைச் சுடுவது அவர் நெஞ்சே என்கிறது. இங்கே பேச்சு விளைவிலிருந்து பேசுபவரின் அகத்துக்குத் திரும்பிவிடுகிறது (2). விளைவைக் கருதும் கூறு இக்குறளில் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதை முழுப் பயன்வாதமாக்க முடியாததற்கு ஒரு காரணமேனும் சொன்னால் போதும்.

11. ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் இரண்டு மதிப்பெண். புகார் செய்ய வேண்டும், வேண்டாம் என்ற இறுதி முடிவுக்குத் தனி மதிப்பெண் இல்லை.

பயன்வாதம்: பசித்தவர்கள் உண்கிறார்கள், வேண்டாதவர்கள் எதையும் இழக்கவில்லை என்பதோடு நிற்கும் விடை ஒரு மதிப்பெண்ணே பெறும். கணக்கு அத்தோடு முடிவதில்லை. பொய்ப் பதிவு வழக்கமானால் அதே வழியில் அரிசி வெளிச்சந்தைக்குப் போவதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. குறுஞ்செய்தி பார்த்த அட்டைதாரரின் நம்பிக்கையும் குறையும். தனிச் செயலின் விளைவைப் பார்ப்பதா, அச்செயலை விதியாக்கினால் வரும் விளைவைப் பார்ப்பதா என்று பிரித்துக் காட்டுபவருக்கு இரண்டும் தரவும்.

கடமை அறவியல்: ‘நோக்கம் நல்லதானால் பொய்யாகப் பதிவு செய்யலாம்’ என்பதை எல்லாருக்கும் விதியாக்கினால் பதிவு என்பதற்கே பொருளில்லாமல் போகும். அட்டைதாரரின் பெயர் அவரது ஒப்புதலின்றிப் பயன்படுத்தப்படுகிறது. ஆயினும் துன்பப்படுவோர்க்கு உதவுவதும் கான்ட்டிடம் கடமைதான் என்பதை மறந்து, செல்வியை விதிப்புத்தகமாக்கிவிடும் விடைகள் அரைகுறையே.

பண்பு அறவியல்: இங்கேதான் மாணவர்கள் ‘நல்லவர் எப்படி நடப்பாரோ அப்படி’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள், அதற்கு மதிப்பெண் இல்லை. இரக்கம், நேர்மை, துணிவு ஆகியவை இந்த இடத்தில் எப்படி ஒன்றோடொன்று மோதுகின்றன என்று காட்ட வேண்டும். விற்பனையாளரிடம் முதலில் நேரில் பேசுவது, கேள்வி கேட்ட அட்டைதாரரிடம் மழுப்பாமல் இருப்பது, அக்குடும்பங்களுக்குச் சொந்த மாநில அட்டை இருந்தால் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ ஏற்பாட்டின்படி இங்கேயே முறையாகப் பொருள் பெற முடியுமா என்று விசாரித்துச் சொல்வது போன்ற குறிப்பான செயல்களை நடைமுறை அறிவின் அடையாளமாகக் காட்டும் விடைக்கு இரண்டு மதிப்பெண்.