தீபாவுக்கு, நுங்குப் பாத்திரத்தோடு

தீபா,

இந்தப் பையைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். மாடிக்கு வரக் கூடாது, கீழே உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவைக்கூட அணைக்காமல் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீ படுத்திருந்தவள் எழுந்து, தலையை முடிந்து, துப்பட்டாவைத் தேடிப் போட்டுக்கொண்டு, "வா தம்பி, மோர் குடிக்கிறியா" என்று கேட்கிற வேலையே வேண்டாம். இந்த வெயிலில் உபசாரம் எதற்கு?

பையில் இருப்பது நுங்கு. திருவொற்றியூர்த் தேரடி பக்கத்தில் ஒருவர் காலையிலேயே குலையாக இறக்கியிருந்தார். பக்கத்தில் நின்று, இளசாகப் பார்த்து வெட்டச் சொல்லி வாங்கினேன். மேல்தோலை உரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நீதான் உரித்துச் சாப்பிடுவாய், அந்தத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தால்தான் நுங்கு சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்பாய். உனக்குச் சாப்பிடத் தோன்றுகிறதா என்று முதலில் அம்மாவிடம் ஃபோனில் கேட்டுக்கொண்டுதான் வாங்கினேன். தோன்றாவிட்டால் அம்மா சாப்பிடட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இன்னொன்று, பனையோலை விசிறி. கத்திரி வெயில், நம் பக்கத்து கரண்ட், இரண்டையும் நம்பி ஃபேனுக்கு அடியில் படுக்க முடியாது. குழந்தைக்கு என்று எதுவும் வைக்கவில்லை. அதற்கு முன்கூட்டியே வாங்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். அது உங்கள் வீட்டு வழக்கம், அப்படியே இருக்கட்டும். இந்தப் பையில் இருப்பது எல்லாம் உனக்கு. தீபா என்கிற ஆளுக்கு.

போன ஞாயிறு நீ ஃபோன் செய்தாயே, நினைவிருக்கிறதா? செய்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. உன் கையில் இருக்கிற கண்ணாடி வளையல் மட்டும் அவ்வப்போது கிணுகிணு என்றது. நீ இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு சத்தம், அந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு சத்தம். வெளியே எங்கேயோ சுத்தியல் சத்தம். மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, படகையெல்லாம் கரையேற்றி ஆணி அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அப்புறம், "சரிடி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். மறுநாள், "நேத்து சும்மா தொந்தரவு பண்ணிட்டேன்" என்று ஒரு மெசேஜ். அதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

தொந்தரவு இல்லை. அந்தப் பத்து நிமிடம் நான் அடுப்பை அணைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து உன் வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலேயே எனக்கு நிம்மதியாக இருந்த நேரம் அதுதான். இனியும் அப்படியே செய். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் ஃபோன் செய்.

நான் உன்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை. தேதி, டாக்டர் சொன்னது, எடை, எதுவும் வேண்டாம். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டால் நமக்குப் பேச வேறு ஆயிரம் இருக்கிறது. "பயப்படாதே" என்றும் சொல்ல மாட்டேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லு, "ம்" கொட்டுகிறேன். சிரிக்கத் தோன்றினால் சிரி. அலுப்பாக இருக்கிறது, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம், என்னையும் சேர்த்துத்தான். என் முறை வந்தபோது நான் ஃபோனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியவள். உள்ளேயிருந்து அது அடிக்க அடிக்க, என் மாமியார் வீடு முழுக்கத் தேடினார். எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதே. கரண்ட் இல்லை, பால் எங்கேயும் கிடைக்கவில்லை. மூன்றாவது நாள் காலையில் நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டோடு வந்து நின்றாய். பக்கெட்டில் நான்கு பால் பாக்கெட், ஒரு கட்டு மெழுகுவர்த்தி, செய்தித்தாளில் சுற்றிய இட்லி. வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது, என்னென்ன போச்சு, ஏன் முன்னாடியே எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கண்ணைப் பார்த்தாய், பக்கெட்டைப் படிக்கட்டில் வைத்தாய், "பக்கெட் எனக்கு வேணும், அப்புறம் குடு" என்றாய். அவ்வளவுதான். அன்று யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்து அழுதிருப்பேன். நீ பக்கெட்டைப் பற்றிப் பேசியதால் பிழைத்தேன். அது உனக்குத் தெரியுமோ என்னவோ. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

(அந்தப் பக்கெட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன்.)

சரி, அலுவலகக் கதைக்கு வருவோம். நீ லீவில் போனதிலிருந்து மெட்ரோவில் ஒரே கூத்து. நான் காலடிப்பேட்டையில் ஏறி, வழக்கம்போல் பக்கத்து சீட்டில் பையை வைக்கிறேன். டோல்கேட் தாண்டி, புது வண்ணாரப்பேட்டை வந்ததும் கை தானாகப் பையை எடுத்து மடியில் வைக்கிறது. கதவு திறக்கிறது, வேறு யாரோ ஒரு அம்மா வந்து உட்காருகிறார். நேற்று உட்கார்ந்தவர் தொண்டியார்ப்பேட்டையில் ஆரம்பித்து மண்ணடி வரைக்கும் தன் தங்கையின் நிலத் தகராறை எனக்குச் சொன்னார். பட்டா யார் பெயரில் என்பது வரை எனக்கு இப்போது அத்துப்படி. முன்பு ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுப் போவோமே, அதைவிட இது தேவலை. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த முதல் வாரம், ஏசிக்காகவே ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கித் திரும்பி வந்தோம், ஞாபகம் இருக்கிறதா?

டீக்கார அண்ணன் இன்னும் இரண்டு கிளாஸ்தான் கொண்டுவந்து வைக்கிறார். ஒன்று எனக்கு, ஒன்று சர்க்கரை கம்மியாக உனக்கு. முதல் நாள், "அவங்க லீவு" என்றேன். "தெரியும்மா, கை பழகிப்போச்சு" என்றார். இப்போது இரண்டையும் நானே குடிக்கிறேன். உன் டீ நன்றாகவே இல்லை, எப்படித்தான் இத்தனை வருடம் குடித்தாயோ.

வேலையைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். நீ எழுதி வைத்துவிட்டுப் போன அந்த நீல அட்டை நோட்டு என் மேஜையில் இருக்கிறது. பக்கம் பக்கமாக, பச்சை மையில் அடிக்கோடு போட்டு. ஓரத்தில், "இந்த பார்ட்டி சனிக்கிழமை ஃபோன் எடுக்காது, திட்டாதே" என்று நீ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன், மேனேஜர் எட்டிப் பார்த்தார். போன வாரம் பில் ஆஃப் என்ட்ரியில் கன்டெய்னர் நம்பரில் இரண்டு எண்ணை இடம் மாற்றி அடித்துவிட்டேன். நான்கு எழுத்து, ஏழு எண், அந்தக் கடைசி எண் மற்றதெல்லாம் சரியா என்று காட்டுகிற எண் என்று நான் சேர்ந்த புதிதில் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தாயே, அது நினைவுக்கு வந்து, அனுப்புவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டேன். இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் நானே போட்டுவிடுவேன். ஒரு சந்தேகத்துக்குக்கூட உனக்கு ஃபோன் வராது. அலுவலகத்தில் யாராவது, "தீபாவுக்கு என்ன ஆச்சு, ஏதாவது நியூஸ் உண்டா" என்று கேட்டால், "அவங்களே சொல்வாங்க" என்று மட்டும் சொல்கிறேன். ரொம்பத் துருவினால் அந்த அம்மாவின் பட்டா கதையை எடுத்து விடுகிறேன். நன்றாக வேலை செய்கிறது.

இனி உனக்கு டைப் அடிக்கக்கூட அலுப்பாக இருக்கும் நேரங்களுக்காக ஒரு ஏற்பாடு யோசித்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வெறும் புள்ளி வை. ஒரு புள்ளி என்றால், "ஃபோன் பண்ணு, நீ பேசு, நான் கேட்கிறேன்." இரண்டு புள்ளி என்றால் ரசம் சாதம். அம்மாவுக்கும் சேர்த்துத்தான், அவர் தனியாக எத்தனை பேருக்கு ஓடுவார்? மூன்று புள்ளி என்றால், "இன்று யாரும் என் பக்கம் வராதீர்கள்." அப்படி வந்தால் நான் வந்து கீழே திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறேன். உன்னைப் பார்க்க மாடிக்கு ஏற மாட்டேன். ஒன்றும் வைக்கத் தோன்றாவிட்டால் ஒன்றும் வைக்காதே. நீல டிக் விழுந்தால் போதும், விழாவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

என் ஃபோன் ராத்திரி தலைமாட்டில், சத்தம் வைத்துத்தான் இருக்கும். தம்பியின் ஆட்டோ இரவில் உங்கள் தெரு முனையில் பால் பூத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும், கேஸ் போட்டுத்தான் நிறுத்துகிறான். பிரபு அண்ணனிடம் அவன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான், மற்றபடி அந்தக் கணக்கையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அத்தோ கடைக்கு நான் தனியாகப் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். பூண்டு வறுத்த வாசனை, அந்த ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், கையால் பிசைகிற சத்தம். நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது, இத்தனை காலம் தாண்டி நிற்கிறது. நமக்காகவும் நிற்கும். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்லு. அது எந்த மாதமாக இருந்தாலும் சரி.

உன்னை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லைடி. அதைச் சொன்னால், "ஐயோ, ரொம்பத்தான்" என்பாய். பரவாயில்லை, எழுதியாகிவிட்டது.

நுங்கை இன்றைக்கே சாப்பிட்டுவிடு, நாளைக்குத் தாங்காது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவசரம் இல்லை. அடியில் என் மாமியார் பெயர் வெட்டியிருக்கிறது, எப்படியும் அவரே தேடிக்கொண்டு வருவார்.

உன்,
நித்யா