வருமான வரி நோட்டீஸ்: தமிழ்ச் சுருக்கமும் நீங்கள் தர வேண்டியவையும்

13 நவம்பர் 2025, தென்காசி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 11 பக்கத்தையும் படித்துவிட்டேன். ஏழு பக்கம் எல்லோருக்கும் அனுப்புகிற சட்ட வாசகம்தான். கடைசி நான்கு பக்கத்தில்தான் உங்களிடம் 14 கேள்வி கேட்டிருக்கிறார்கள். நோட்டீஸ் உண்மையானதா என்று முதலில் பார்த்தேன். அதிலுள்ள ஆவண எண்ணை incometax.gov.in தளத்தில் போட்டால் சரியாக வருகிறது. ஆகவே போலி இல்லை.

முக்கியமான தேதி: 25 நவம்பர் 2025, செவ்வாய், காலை 11 மணி. அதற்குள் பதில் ஏற வேண்டும். மதியம் ஏற்றினால் தாமதம்தான்.

இது வருமான வரிச் சட்டம் 142(1) பிரிவில் 10 நவம்பர் அன்று போட்ட நோட்டீஸ். 2023-24 நிதியாண்டுக்கு நீங்கள் போட்ட ரிட்டர்னை விரிவாகப் பார்க்கிறார்கள். ஜூனில் 143(2) என்று ஒன்று வந்ததே, போனில் பார்த்துவிட்டுச் சும்மா விட்டதாகச் சொன்னீர்களே, அதன் தொடர்ச்சிதான் இது. அதற்குப் பதில் வரவில்லை என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த முறை அப்படி விட முடியாது. பதில் போடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் போடலாம். அதைவிடப் பெரிய சிக்கல் 144-ஆம் பிரிவு. கையில் இருக்கும் தகவலை வைத்து அவர்களே வருமானத்தைத் தீர்மானித்து வரி போட்டுவிடுவார்கள்.

விசாரணை முழுக்க இணையத்தில்தான். எந்த ஊர் அதிகாரி பார்க்கிறார் என்பது நமக்கும் தெரியாது, நீங்கள் எங்கும் நேரில் போக வேண்டியதும் இல்லை. "கேசை முடித்துத் தருகிறேன்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். ஓடிபி எதையும் சொல்லாதீர்கள்.

கேட்டிருப்பது என்ன

1. சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகக் கட்டிய 14,60,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? (கேள்வி 3 முதல் 7 வரை)

நோட்டீஸின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கியே வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். 11 தடவை கட்டியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளக்கம் வேண்டும் என்கிறார்கள். அதில் 10,80,000 ரூபாய் கடை விற்பனை என்று சொன்னீர்கள். ஆண்டு விற்பனை 62,40,000 என்று ரிட்டர்னில் காட்டியிருப்பதால் தொகை பொருந்துகிறது. 44ஏடி-யில் போட்டதால் முழுக் கணக்குப் புத்தகம் கட்டாயமில்லை. ஆனால் ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று காட்டத்தான் வேண்டும். தினசரி விற்பனை நோட்டு, அந்த ஆண்டின் ஜிஎஸ்டி ரிட்டர்ன், கடைக் கணக்கு, சேமிப்புக் கணக்கு இரண்டின் 12 மாத ஸ்டேட்மென்ட் ஆகியவை தேவை. நோட்டு கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொடுங்கள். இப்போது உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டாம்.

மீதி 3,80,000, 6 நவம்பர் 2023 அன்று ஒரே தடவையாகக் கட்டியது. பாப்பா கல்யாண மொய்ப் பணம் என்றீர்கள். நம்மூரில் யாரைக் கேட்டாலும் அதில் என்ன தப்பு என்பார்கள். சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. கல்யாணப் பரிசுக்கு வரி இல்லை என்பது கல்யாணம் செய்துகொள்பவருக்குத்தான், அப்பாவுக்கு இல்லை. உங்கள் கைக்கு வந்த மொய்யில் சொந்தக்காரர் கொடுத்தது தப்பிக்கும். மற்றவர்கள் கொடுத்தது ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது முழுவதும் உங்கள் வருமானம். சொந்தக்காரர் என்பதிலும் கணக்கு இருக்கிறது. உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அண்ணி அத்தான், மச்சினர்கள், சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை எல்லாம் சேர்த்தி. சித்தப்பா மகனும் மாமா மகனும் சேர்த்தி இல்லை.

ஆகவே மொய் நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணியோடு உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன உறவு என்று பென்சிலால் குறியுங்கள். மகளிடமோ மாப்பிள்ளையிடமோ நேரடியாகக் கொடுத்த மொய் இருந்தால் அதையும் தனியாகக் குறிக்க வேண்டும். பத்திரிகை ஒன்று, மண்டபத்து ரசீது ஒன்று சேர்த்து வையுங்கள். இந்தப் பதிலை எப்படி எழுதுவது என்பதை ஆடிட்டர் சார் நோட்டைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வார். விளக்கம் ஏற்கப்படாத ரொக்கத்துக்கு 60 சதவீத வரி, அதன்மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 78 சதவீதம் போய்விடும். 3,80,000-க்கு அது 2,96,400 ரூபாய். பயமுறுத்த எழுதவில்லை, நோட்டைத் தேடுவதற்கு எழுதுகிறேன்.

2. சுரண்டை ரோட்டு மனையை 38 லட்சத்துக்கு விற்றது (கேள்வி 8 முதல் 12 வரை)

பத்திரப் பதிவின்போது அரசு வழிகாட்டி மதிப்பு 41,20,000 ஆக இருந்தது, ஏன் 38 லட்சம்தான் காட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். இதற்கு நாமே பதில் எழுதிவிடலாம். விற்ற விலையைவிட 10 சதவீதம் வரை கூடுதலாக இருந்தால் சட்டம் கண்டுகொள்ளாது. 38 லட்சத்துக்கு அந்த வரம்பு 41,80,000. நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். விற்பனைப் பத்திர நகல் மட்டும் போதும்.

அப்பா வழி வந்த மனை என்பதால் 1 ஏப்ரல் 2001 மதிப்பை 2,50,000 என்று வைத்திருக்கிறோம். அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கு ஆதாரமாகச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பழைய வழிகாட்டி மதிப்புச் சான்று வேண்டும். நாள் எடுக்கும் வேலை இது ஒன்றுதான், நாளைக்கே மனு போடுங்கள்.

அப்புறம் வீடு. மனை விற்ற பணத்தில் 24 லட்சத்தை வீட்டுக்குப் போட்டதாகக் காட்டி 54எஃப் கழிவு 18,50,526 எடுத்திருக்கிறோம். பிளான் அப்ரூவல், கொத்தனார் கணக்கு, சிமெண்ட், கம்பி பில், 31 ஜூலை 2024-க்கு முன் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்ட 9 லட்சத்தின் பாஸ்புக், இதுவரை முடிந்த வேலையின் போட்டோ ஆகியவை வேண்டும். விற்ற நாளில் உங்கள் பெயரில் எத்தனை வீடு இருந்தது என்றும் கேட்டிருக்கிறார்கள். பூர்வீக வீடு ஒன்றுதான் என்றீர்கள். வேறு எதிலாவது பெயர் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

3. மற்றவை

1, 2, 13, 14 ஆகிய கேள்விகள் எல்லா வங்கிக் கணக்கின் பட்டியல், ரிட்டர்ன் நகல், எல்ஐசி ரசீது, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்த 10-ஐஇஏ படிவம் பற்றியவை. எல்ஐசி ரசீது மட்டும் நீங்கள் தர வேண்டும். மற்றது நம் ஆபீஸில் இருக்கிறது.

எப்போது எது

வெள்ளி, 14-ஆம் தேதி: சார்பதிவாளர் ஆபீஸில் மனு. மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.
புதன், 19-ஆம் தேதி மாலைக்குள்: மொய் நோட்டு உட்பட எல்லாக் காகிதமும் நம் ஆபீஸில்.
வெள்ளி, 21-ஆம் தேதி: நீங்கள் நேரில் வந்து பதிலை ஒருமுறை படித்துக் கேட்க வேண்டும். தமிழ்ப் பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் அன்றைக்குள் முடித்துவிடுவேன்.
திங்கள், 24-ஆம் தேதி: தளத்தில் e-Proceedings பகுதியில் ஏற்றுகிறோம். ஓடிபி வரும், போனைக் கையில் வைத்திருங்கள்.

பழைய மதிப்புச் சான்று அதற்குள் வராவிட்டால் மனு ரசீதைக் காட்டி அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவகாசம் கேட்கலாம். கொடுப்பார்கள் என்று நிச்சயமில்லை. மற்ற 13 கேள்விக்கும் பதில் அன்றே போய்விட வேண்டும்.

மொய் நோட்டு கிடைத்ததும் ஒரு போன் போடுங்கள், எந்த நேரமானாலும் சரி.

இப்படிக்கு,
முருகேசன்
ஆடிட்டர் ஆபீஸ்