பொருள்: முதல் நாலு கிழமையும் நாங்கள் என்ன செய்யப் போகிறோம்

வணக்கம் ரீச்சர்,

சனிக்கிழமை உங்கள் விறாந்தையில் இருந்து கதைத்தபோது, "எல்லாத்தையும் எழுதி அனுப்பு புள்ள, மகனுக்கும் காட்டணும்" என்றீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். பிரிண்ட் எடுத்துக் குசினியில் ஒட்டி வைத்தாலும் நல்லது.

போன வருடம் குளியலறையில் விழுந்ததற்குப் பிறகு உடம்பை நம்ப முடியவில்லை என்று சொன்னீர்கள். உங்கள் முழங்காலை விட அந்தப் பயத்தைத்தான் நான் முதலில் கவனிக்கிறேன். விழுந்துவிடுவோம் என்று அசையாமல் இருந்தால் தொடைத் தசை மெலியும், தசை மெலிந்தால் விழுகிற வாய்ப்புக் கூடும். ஆகவே இந்த மாதம் எடை குறைப்பதோ வியர்த்துக் கொட்டுவதோ எங்கள் வேலை இல்லை. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவதும், பிடிக்காமல் கொஞ்ச நேரம் உறுதியாக நிற்பதும்தான். ஜிம் பக்கம் வரவே தேவையில்லை. செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் நான் வீட்டுக்கு வருகிறேன்.

"தேய்ஞ்ச முழங்கால் இன்னும் தேயாதா?" என்று கேட்டீர்கள். இல்லை ரீச்சர். மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கு டொக்டர்மார் முதலில் சொல்வதே அளவான உடற்பயிற்சிதான். தொடைத் தசை பலமானால் முழங்காலில் விழுகிற பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். செய்யும்போது லேசான நோ இருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் காலையிலும் நோ கூடவே இருந்தால், அல்லது முழங்கால் வீங்கினால், நாங்கள் அளவுக்கு மிஞ்சிச் செய்துவிட்டோம் என்று அர்த்தம். அப்போது எண்ணிக்கையைப் பாதியாக்குவோம். தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒன்றிரண்டு நாள் வருகிற உளைவு வேறு. வேலை செய்யாமல் இருந்த தசை வேலை செய்ததால் வருவது அது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

முதல் கிழமையில் முக்கியமானது கதிரைதான். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், வழுக்கும். சாப்பாட்டு மேசையோடு இருக்கிற கைபிடி வைத்த மரக்கதிரையை எடுத்து, முதுகுப் பக்கம் சுவரோடு முட்டும்படி வையுங்கள். இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டால் உயரம் கூடும், எழும்ப லேசாக இருக்கும். கதிரையின் முன்பாதியில் இருந்து, இரண்டு பாதத்தையும் இடுப்பகலத்துக்கு விரித்து, குதிக்காலை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழும்புங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். அந்த மெதுவான இறக்கத்தில்தான் பலம் சேர்கிறது. முதல் கிழமை கையை ஊன்றியே எழும்பலாம். ஐந்து தரம், ஓய்வு, பிறகு இன்னொரு ஐந்து. அவ்வளவுதான். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், அடக்கினால் பிரசர் ஏறும். சேலையோடுதான் செய்வேன் என்றீர்கள், சரி, ஆனால் கரை காலில் சிக்காதபடி உயர்த்திச் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நடக்கிற வழுக்குகிற செருப்பையும் அந்த நேரம் கழற்றி வைத்துவிடுங்கள்.

அதோடு குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி இறக்குவது எட்டுத் தரம். பிறகு வளவுக்குள்ளே காலையில் ஐந்து நிமிடம், பின்னேரம் ஐந்து நிமிடம் நடை. கேற்றைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாம் கிழமையில் கதிரைப் பயிற்சி எட்டுத் தரம் வரை போகும், கையை லேசாக மட்டும் வைப்போம். சுவரில் கை வைத்துச் சாய்ந்து தள்ளுவதையும் சேர்ப்போம். சாமான் பையைத் தூக்க அது உதவும். மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை நேராக வைத்துப் பத்து வினாடி நிற்பதும் உண்டு. தடுமாறும், தடுமாறத்தான் வேண்டும். அப்படித்தான் உடம்பு சமநிலையைப் பழகும். நான் பக்கத்திலேயே நிற்பேன். நடை ஒழுங்கையின் முடிவுவரை, எட்டுப் பத்து நிமிடம்.

மூன்றாம் கிழமை புதிதாக எதுவும் இல்லை. கதிரை மெத்தையை எடுத்துவிட்டுப் பார்ப்போம். கடினமாக இருந்தால் திரும்பப் போடுவோம்.

நாலாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை விடிய இரண்டு பேரும் பழைய கல்லடிப் பாலத்துக்குப் போவோம். பெரிய வாகனங்கள் புதுப்பாலத்தால்தான் போகின்றன, தரையும் சமம், பிடிக்கக் கைபிடியும் உண்டு. பதினைந்து நிமிடம், நடுவில் நின்று வாவியைப் பார்க்கிற நேரமும் சேர்த்து. கடற்கரை மணலில் நடக்க இப்போதைக்கு வேண்டாம், பாதம் புதைந்து முழங்கால் திருகும். இந்தக் கச்சான் காலத்தில் ஏழு மணிக்கே வெயில் சுடுகிறது, ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். தண்ணிப் போத்தல் கட்டாயம்.

எவ்வளவு வேகம் என்று எப்படித் தெரியும்? என்னோடு கதைத்துக்கொண்டே நடக்க முடிந்தால் சரியான வேகம். ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் குறையுங்கள். நாடித்துடிப்பை எண்ண வேண்டாம், சில பிரசர் குளிசைகள் துடிப்பை ஏற விடாது, அதனால் அந்த எண் ஏமாற்றிவிடும்.

இனிச் சொல்வதை மகன் கட்டாயம் வாசிக்க வேண்டும். பயிற்சிக்கு முன் பிரசர் மேல் எண் 180ஐயோ கீழ் எண் 110ஐயோ தாண்டியிருந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, டொக்டரிடம் கேட்க வேண்டும். சீனி 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். இடையில் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி வந்தால் நிறுத்தி, மூன்று நாலு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் குடியுங்கள். விரத நாளில் பயிற்சி வைக்க மாட்டேன். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவுகிற நோ, தலைசுற்றி விழப் பார்ப்பது, திடீரென்று மூச்சு முட்டுவது, இதில் ஒன்று வந்தாலும் உடனே இருந்துகொண்டு 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எனக்கு எடுப்பது அதற்குப் பிறகு.

ஒரு நாள் மனசு வரவில்லை என்றால் சொல்லுங்கள் ரீச்சர், காரணம் கேட்க மாட்டேன். அன்றைக்குக் கதிரையில் ஐந்து தரம் மட்டும் எழும்பி இருந்தால் போதும். ஒரு கிழமை பிந்தினால் அதே கிழமையைத் திரும்பச் செய்வோம். நாலு கிழமைத் திட்டம் ஆறு கிழமை எடுத்தாலும் எனக்கு முழுத் திருப்தி.

செவ்வாய் காலை ஆறேகாலுக்கு வருகிறேன். அன்றைக்குப் பயிற்சி பாதி நேரம்தான், மீதியில் உங்கள் குளியலறையைப் பார்க்க வேண்டும், எங்கே கைபிடி பூட்டலாம் என்று. கிளினிக் கொப்பியையும் குளிசைப் பெட்டியையும் மேசையில் எடுத்து வையுங்கள். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போட வேண்டாம், நான் வருமுன் பிளேன்ரீயோடு இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டிருங்கள். கேட்க வேண்டியது எதுவும் மனசில் இருந்தால் இரவானாலும் வட்ஸ்அப்பில் குரல் செய்தி போடுங்கள்.

அன்புடன்,
தர்ஷினி