காரைக்குடி பலகார, மசாலா நிறுவனத்துக்கு பிராண்ட் டிசைனர் தேவை

சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், அதிரசம் எனப் பலகாரத்தில் தொடங்கிய எங்கள் நிறுவனம், இப்போது செட்டிநாட்டு மசாலாப் பொடிகளையும் செய்கிறது. சென்னை, கோவைக் கடைகளுக்கும் சரக்கு போகிறது. இதுவரை லேபிளை அச்சகத்தாரே வரைந்து தந்தார்கள். அதனால் சீடைப் பாக்கெட்டில் ஒரு சிவப்பு, மிளகுப் பொடியில் வேறொரு சிவப்பு. கடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பண்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதைச் சரிசெய்ய, நிறுவனத்துக்குள்ளேயே இருந்து பணியாற்றும் முதல் டிசைனரைத் தேடுகிறோம்.

லோகோ, நிறங்கள், எழுத்துரு, பவுச், அட்டைப்பெட்டி, கடைப் பலகை, இணைய விற்பனைப் படங்கள் எல்லாம் உங்கள் பொறுப்பு. முதல் மாதம் பாதி நாள் சமையற்கூடத்தில் இருக்க வேண்டும். கல்பாசியும் மராட்டி மொக்கும் வறுபடும்போது என்ன நிறத்துக்கு வருகின்றன என்பதை நேரில் பார்த்தவர் வரையும் பாக்கெட்டே எங்களுக்கு வேண்டும். அரண்மனைத் தூணையும் கல்யாண வாசலையும் ஒட்டிவிட்டால் செட்டிநாடு வந்துவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

தமிழ் எழுத்தில் கை தேர்ந்தவராக இருப்பது கட்டாயம். ஐம்பது கிராம் பாக்கெட்டின் பின்புறத்தில் சேர்பொருட்கள், ஊட்டச்சத்து அட்டவணை, ஒவ்வாமைக் குறிப்பு, நிகர எடை, விலை, தயாரிப்புத் தேதி, பச்சை நிறச் சைவக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். அதற்குப் பிறகும் ‘ழ’வும் ‘ஞ’வும் கொம்பும் சுழியும் தெளிவாகத் தெரிய வேண்டும், கண்ணாடி போட்ட பாட்டியும் சிரமமின்றிப் படிக்க வேண்டும்.

இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பவுச்சின் வெட்டுக்கோடு, மடிப்பு, ஒட்டும் ஓரம் ஆகியவற்றுக்கு இடம் விட்டு வரையத் தெரிய வேண்டும். கிராவூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர். ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் செலவு பெரிது. ஆகவே அச்சுக்கு அனுப்பும் முன் வரி வரியாகச் சரிபார்க்கும் பொறுமை வேண்டும். தேவைப்படும்போது அச்சகத்துக்கே போய், முதல் பிரதியைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருக்கும்.

குறைந்தது 4 ஆண்டு அனுபவம் தேவை. உணவுப் பொருள் பாக்கேஜிங் செய்தவருக்கு முன்னுரிமை. பட்டம் கட்டாயமில்லை. மாதச் சம்பளம், அனுபவத்தைப் பொறுத்து, 45,000 முதல் 60,000 ரூபாய் வரை. பி.எஃப்., மதிய உணவு உண்டு. வெளியூரிலிருந்து வருபவருக்கு முதல் மூன்று மாதம் தங்குமிடம் தருகிறோம். வேலை காரைக்குடியில்தான், வீட்டிலிருந்து செய்ய இயலாது. டிசைன் முடிவுகளை நிர்வாக இயக்குநருடன் நேரடியாகப் பேசி எடுப்பீர்கள், நடுவில் யாரும் இல்லை.

பிப்ரவரி 28 வரை, சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 1 மணிக்குள் செக்காலை சாலையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வரலாம். தேர்வுக்காக ஒரு லேபிள் வரையச் சொல்வோம். அதற்குத் தனியாகப் பணம் உண்டு. திரையில் காட்டும் படங்களோடு, நீங்கள் வடிவமைத்து அச்சாகிக் கடைக்கு வந்த பாக்கெட்டுகள் இரண்டு மூன்றையும் கையோடு கொண்டு வாருங்கள்.