எழுத்தறிவு அட்டவணை: பீகாரும் ராஜஸ்தானும் அருகருகே

சனிக்கிழமை வாசகர் வட்டத்துக்கான குறிப்பு இது. 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பதிவான எழுத்தறிவு விகிதம் கீழே சதவீதத்தில் இருக்கிறது. ஏழு வயது நிறைந்தவர்களுக்கான கணக்கு. வாசிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் இதில் சேரமாட்டார்.

| | ஆண் 2001 | ஆண் 2011 | பெண் 2001 | பெண் 2011 |
|---|---|---|---|---|
| கேரளம் | 94.2 | 96.1 | 87.7 | 92.1 |
| தமிழ்நாடு | 82.4 | 86.8 | 64.4 | 73.4 |
| ராஜஸ்தான் | 75.7 | 79.2 | 43.9 | 52.1 |
| பீகார் | 59.7 | 71.2 | 33.1 | 51.5 |
| இந்தியா | 75.3 | 80.9 | 53.7 | 64.6 |

இருபது எண்களையும் வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. முதலில் கண்ணில் படுவது ஒன்றுதான்: எந்த வரியை எடுத்தாலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் முன்னேறியிருக்கிறார்கள். நாட்டளவில் ஆண்களின் விகிதம் 5.6 புள்ளி கூடியபோது பெண்களுடையது 10.9 புள்ளி கூடியது. ஆனாலும் எங்கேயும் பெண்கள் ஆண்களை எட்டவில்லை.

அட்டவணையின் உயிர் கடைசிக்கு முந்தைய இரண்டு மாநில வரிகளில் இருக்கிறது. 2001இல் பீகார்ப் பெண்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் எழுத்து தெரியும். பத்தே ஆண்டில் அது இரண்டில் ஒருவர் என்றானது. 18.4 புள்ளி ஏற்றம். இந்த அட்டவணையில் வேறெந்த எண்ணும் இவ்வளவு நகரவில்லை. அதே காலத்தில் ராஜஸ்தான் பெண்கள் ஏறியது 8.2 புள்ளி. முதலில் பீகாரைவிட 10.8 புள்ளி முன்னால் நின்றவர்கள், 2011இல் வெறும் 0.6 புள்ளிதான் முன்னால்.

இங்கே ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. ராஜஸ்தானின் ஆண்கள் பத்தியை மட்டும் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும்: தேசிய அளவைவிட 1.7 புள்ளிதான் குறைவு. பக்கத்துப் பத்திக்குக் கண்ணை நகர்த்தினால் பெண்கள் 12.5 புள்ளி கீழே கிடக்கிறார்கள். ஆண் பெண் இடைவெளி இரண்டு கணக்கெடுப்பிலும் அங்கேதான் மிக அகலம். 31.8ஆக இருந்தது, 27.1க்குத்தான் இறங்கியது. பீகாரில் 26.6இலிருந்து 19.7க்கு வந்துவிட்டது.

கேரளம் ஏற்கெனவே உச்சியில் இருப்பதால் அதன் ஏற்றம் சின்னது. இடைவெளி மட்டும் 4 புள்ளியாகச் சுருங்கியிருக்கிறது.

நம் மாநிலம் எல்லாப் பத்தியிலும் தேசிய அளவுக்கு மேலே நிற்கிறது, சரி. ஆனால் 2011இன் தமிழ்நாட்டுப் பெண்கள், 2001இன் இந்திய ஆண்களின் அளவைக்கூடத் தொடவில்லை. தமிழ்நாட்டு ஆண்களும் மீசையை முறுக்க வேண்டாம்: அவர்களுடைய 2011 எண், பத்து வருடம் முந்தைய கேரளப் பெண்களின் எண்ணுக்கு 0.9 புள்ளி கீழே.