‘இரவு வாசிப்பு’ பாட்காஸ்ட்: தொடக்க இசைக்கான பிராம்ப்ட்

நண்பர்கள் இருவர் வாரம் ஒரு சிறுகதையை வாசித்துப் பேசும் நிகழ்ச்சிக்கு 12 வினாடித் தொடக்க இசை. நிமிடத்துக்கு 96 தட்டு, 4/4 தாளம், டி மேஜர். இந்த வேகத்தில் நான்கு பார் சரியாக 10 வினாடி. மீதி 2 வினாடி கடைசி ஸ்வரம் தானாக அடங்குவதற்கு.

மையமாக ஐந்தே ஸ்வரம்: ச க ப த ப. வாய்விட்டு முனகக்கூடிய எளிமை வேண்டும். கேட்பவர் இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட வேண்டும். முதல் பாரில் நைலான் கம்பி கிட்டார் மட்டும். விரல் கம்பியில் உரசும் சத்தம் லேசாகக் கேட்டாலும் சரி, அதுதான் கதகதப்பு. இரண்டாம் பாரில் அதே மெட்டை வைப்ரஃபோன் மென்மையாகத் தொட்டுச் செல்லட்டும். மூன்றாவதில் டபுள் பேஸும் மெல்லிய ஷேக்கரும் சேரும். நான்காவதில் மெட்டு திரும்பி வந்து, இந்த முறை சட்ஜத்தில் இறங்கி நிற்கும்.

மூன்றாம் பாரிலிருந்து “வணக்கம், உட்காருங்க” என்று குரல் வரும். அங்கே கிட்டார் பின்வாங்கி, 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை குரலுக்கு இடம் விட வேண்டும். மெட்டை பேஸிடம் ஒப்படைக்க வேண்டாம். சின்ன ஃபோன் ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும்.

பாடல் குரல், கைதட்டல், பெரிய டிரம்ஸ், விளம்பரத் துள்ளல் எதுவும் கூடாது. விசில் வேண்டவே வேண்டாம், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சோகமும் ஆகாது, தாலாட்டும் ஆகாது. கதை கேட்கச் சாய்ந்து உட்காரும் மனநிலை போதும்.